இரண்டு பக்கம் சமம், நடுக்கோணம் வேறு: மூன்றாம் பக்கத்தை ஒப்பிடும்போது நேரும் தவறுகள்

ஒரு முக்கோணத்தில் இரண்டு பக்கங்கள் 6, 4. இன்னொரு முக்கோணத்திலும் அதே 6, 4. அந்த இரண்டு பக்கங்களும் சேரும் மூலையில் மட்டும் கோணம் வேறு. எதில் அந்தக் கோணம் பெரிதோ, அதில்தான் மூன்றாம் பக்கம் நீளம். யூக்ளிடின் முதல் புத்தகத்தில் இது 24-ஆவது தேற்றம். மூன்றாம் பக்கம் நீளமாக இருந்தால் நடுக்கோணமும் பெரிது என்ற மறுதலை 25-ஆவது. கதவை அகலத் திறந்தால் கதவின் விளிம்புக்கும் நிலைக்கும் இடைவெளி கூடுவதைப் போல என்பதால் இதைக் கீல் தேற்றம் என்றும் சொல்வார்கள்.

கூற்று ஒரே வரிதான். அதைப் பயன்படுத்தும்போது மட்டும் கெட்டிக்காரப் பிள்ளைகளும் சறுக்குகிறார்கள். பெரும்பாலும் சறுக்கல் ஓரிடத்தில்தான் நேர்கிறது: நடுக்கோணம் எது என்பதில். அதனால் படகுக் கணக்கு ஒன்றை எடுத்து முழுதாகப் பார்த்துவிடுவோம்.

மண்டபம் வடக்குத் துறையிலிருந்து இரண்டு நாட்டுப்படகுகள் நேர் வடக்கே பாக் நீரிணைக்குள் போகின்றன. இரண்டும் 6 கிலோமீட்டர் ஓடுகின்றன. அங்கே முதல் படகு வலப்புறம் 30° திரும்பி 4 கிலோமீட்டர் போகிறது. இரண்டாவது படகு இடப்புறம் 50° திரும்பி அதே 4 கிலோமீட்டர் போகிறது. இப்போது துறைக்கு அதிகத் தொலைவில் இருப்பது எது?

'50 பெரிது, ஆகவே இரண்டாவது படகு' என்று எழுதினால் விடை தவறு. திரும்பிய கோணம் முக்கோணத்தின் உள்ளே இருக்கும் கோணம் அன்று. படகு திரும்பாமல் நேரே போயிருந்தால் எந்தக் கோடு வழியாகப் போயிருக்குமோ, அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியது என்பதைத்தான் 30° சொல்கிறது. முக்கோணத்தில் அது வெளிக்கோணம். வந்த வழிக்கும் போகும் வழிக்கும் நடுவே உள்ள கோணம் 180 − 30 = 150°. இரண்டாவது படகுக்கு 180 − 50 = 130°. 150 பெரிது, ஆகவே குறைவாகத் திரும்பிய முதல் படகுதான் துறையை விட்டு அதிகம் விலகியிருக்கிறது.

எண்களாகவும் பார்த்துவிடலாம். கொசைன் விதி இது:

c² = a² + b² − 2ab cos C

முதல் படகுக்கு c² = 36 + 16 − 48 × cos 150°. விரிகோணத்துக்கு கொசைன் குறை எண் என்பதால் கழித்தல் கூட்டலாகிறது: 52 + 41.57 = 93.57. வர்க்கமூலம் 9.67 கிலோமீட்டர். இரண்டாவது படகுக்கு 52 + 30.85 = 82.85, வர்க்கமூலம் 9.10. வித்தியாசம் அரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

திரும்பிய கோணத்தையே விதியில் போட்டவருக்கு என்ன வரும்? முதல் படகுக்கு 3.23, இரண்டாவதற்கு 4.60. விடை தப்பு என்பதை இந்த எண்களே காட்டிக்கொடுக்கும். மொத்தம் 10 கிலோமீட்டர் ஓடிய படகு, அதிலும் லேசாகத்தான் திரும்பிய படகு, துறைக்கு 3 கிலோமீட்டரில் எப்படி நிற்கும்? 6, 4 பக்கங்களுக்கு மூன்றாம் பக்கம் எப்போதும் 2-க்கும் 10-க்கும் இடையில்தான் இருக்கும். நேரே போனால் 10, வந்த வழியே திரும்பினால் 2. படகு லேசாகத் திரும்பியிருந்தால் விடை 10-ஐ ஒட்டி வர வேண்டும், ஏறக்குறைய வந்த திசைக்கே திரும்பியிருந்தால் 2-ஐ ஒட்டி வர வேண்டும். கணக்கு போடுமுன்னே இதை ஓரத்தில் குறித்துவைத்தால் போதும், இந்தத் தவறு உடனே தெரிந்துவிடும்.

வலம் இடம் என்ற வேறுபாடு இங்கே ஒன்றும் செய்யாது. முக்கோணம் கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டாலும் நீளங்கள் மாறுவதில்லை.

திசைகாட்டி எண்களை அப்படியே கொடுக்கும் கணக்கில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒரே துறையிலிருந்து ஒரு படகு 350° திசையிலும் மற்றொன்று 40° திசையிலும் போனால், நடுவே உள்ள கோணம் 310° இல்லை. வடக்கைத் தாண்டி எண்ண வேண்டும்: 10 + 40 = 50°. கழித்து வரும் எண் 180-ஐத் தாண்டினால் அதை 360-இலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். முக்கோணத்துக்குள் பின்வளை கோணத்துக்கு இடமே கிடையாது.

அடுத்த தவறு இதைவிட நுட்பமானது. இரண்டு பக்கம் சமம், ஒரு கோணம் பெரிது என்று பார்த்தவுடன் தேற்றத்தைப் போட்டுவிடுவது. அந்தக் கோணம் சமமான இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் இருந்தால்தான் தேற்றம் செல்லும். துறை A, படகு திரும்பிய இடம் B, கடைசியில் நின்ற இடம் C என்று வைத்துக்கொள்வோம். AB = 8, BC = 5. நடுக்கோணம் B-இல் இருக்கிறது. ஆனால் கரையில் நிற்பவர் A-இல் உள்ள கோணத்தைத்தான் அளக்க முடியும். அந்தக் கோணம் 30° என்றால் AC இரண்டு மதிப்புகளில் எதுவாகவும் இருக்கலாம்: 9.93 அல்லது 3.93. 20° என்றால் 11.70 அல்லது 3.33. சிறிய கோணமான 20°-க்கு 11.70 கிடைக்கிறது, அது 30°-இன் இரண்டு விடைகளையும் விடப் பெரிது. அதே 20°-க்கு 3.33-உம் கிடைக்கிறது, அது இரண்டையும் விடச் சிறிது. ஆக, A-இல் உள்ள கோணத்தை மட்டும் வைத்து எந்தப் படகு தூரம் என்று சொல்ல வழியே இல்லை.

இதை நம்பாதவர்கள் தாளில் வரைந்து பார்க்கலாம். 8 செ.மீ. கோடு போட்டு, ஒரு முனையில் கோணமானியால் 30° கோடு இழுங்கள். மறுமுனையில் கவராயத்தை வைத்து 5 செ.மீ. வில் போட்டால், அந்தக் கோட்டை வில் இரண்டு இடங்களில் வெட்டும்.

'இரண்டு சம பக்கங்கள்' என்ற சொற்றொடரே தமிழில் குழப்பும். ஒரு முக்கோணத்துக்குள் இரண்டு பக்கங்கள் ஒன்றுக்கொன்று சமம் என்று அதைப் படித்து, இருசமபக்க முக்கோணம் வரைந்துவிடுவார்கள். தேற்றம் கேட்பது முதல் முக்கோணத்தின் பக்கத்துக்கு இரண்டாவதன் பக்கம் சமமா என்பதை. 6-க்கு 6, 4-க்கு 4. கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் 'முறையே சமம்' என்று எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கோணம் கூடினால் பக்கம் கூடும் என்பது சரி. அதே அளவில் கூடும் என்பது தவறு. 60 செ.மீ., 40 செ.மீ. நீளமுள்ள இரண்டு மூங்கில் சட்டங்களை ஒரு முனையில் போல்ட்டால் இணைத்து, மற்ற இரு முனைகளுக்கு இடையே நூலைப் பிடியுங்கள். 60° திறந்தால் நூல் 52.9 செ.மீ. 120° திறந்தால் 87.2 செ.மீ. கோணம் இரட்டிப்பானது, நூல் இரட்டிப்பாகவில்லை. எது நீளம் என்பதோடு இந்தத் தேற்றம் நின்றுவிடும். எவ்வளவு நீளம் என்று கேட்டால் கொசைன் விதிக்குத்தான் போக வேண்டும்.

மூன்றாம் பக்கம் நீண்டால் முக்கோணமே பெரிதாகிவிடும் என்ற எண்ணமும் பலருக்கு உண்டு. நம் படகுகளையே பாருங்கள். பரப்பு ½ × 6 × 4 × sin C. 150°-க்கு 6 சதுர கிலோமீட்டர், 130°-க்கு 9.19. துறைக்கு அதிகத் தொலைவில் இருக்கும் படகின் முக்கோணம்தான் பரப்பில் சிறியது. கோணம் 90° ஆகும்வரை பரப்பு கூடி 12-ஐத் தொடும், அதன்பின் மூன்றாம் பக்கம் நீண்டுகொண்டே போக, பரப்பு குறைந்துகொண்டே வரும்.

உதாரணத்திலும் ஒரு எச்சரிக்கை. நம் பகுதியில் கீல் என்றதும் பாம்பன் பழைய ரயில் பாலத்தின் தூக்கு இறக்கைகளைக் காட்டத் தோன்றும். 1914-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் இறக்கைகள் ஒரே புள்ளியில் நின்று சுழல்பவை அல்ல, வளைந்த அடிப்பாகத்தால் பின்னோக்கி உருண்டு எழுபவை. மூலை நகர்ந்துவிடுவதால் 'பக்கங்கள் மாறவில்லை' என்ற நிபந்தனை அங்கே பொருந்தாது. 2025-இல் திறந்த புதிய பாலத்திலோ நடுப்பகுதி செங்குத்தாக மேலே ஏறுகிறது, அங்கே திறக்கும் கோணமே இல்லை. வகுப்பறைக் கதவும் கவராயமும் இதற்குச் சரியான உதாரணங்கள்.

கடைசியாக, நிரூபணம். யூக்ளிட் தன் நிரூபணத்தில் படத்தின் ஒரு நிலையை மட்டுமே எடுத்துக்கொண்டார். மற்ற நிலைகளைப் பின்னால் உரையெழுதிய புரோக்ளஸ் சேர்த்தார். மாணவர்களும் ஒரு படத்தை வரைந்து, புள்ளி அங்கேதான் விழும் என்று நினைத்து எழுதிவிடுகிறார்கள். எந்தப் படத்துக்கும் பொருந்தும் வழி இது. ABC, DEF என்ற இரண்டு முக்கோணங்களில் AB = DE, AC = DF, கோணம் A கோணம் D-ஐ விடப் பெரிது; BC, EF-ஐ விட நீளம் என்று காட்ட வேண்டும். DE-இலிருந்து F இருக்கும் பக்கமாகவே A அளவுக் கோணம் எடுத்து, DG = AC ஆகுமாறு G-ஐக் குறியுங்கள். ப-கோ-ப விதிப்படி EG = BC. இப்போது கோணம் FDG-க்கு இருசமவெட்டி போடுங்கள். அது EDG என்ற கோணத்துக்குள் இருப்பதால் EG-ஐ ஒரு புள்ளியில் வெட்டியே ஆக வேண்டும், அது H. DF = DG, DH பொது, நடுக்கோணங்கள் சமம்; ஆகவே HF = HG. அப்படியானால்:

EG = EH + HG = EH + HF > EF

கடைசி '>' குறிக்குக் காரணம், முக்கோணத்தில் இரண்டு பக்கங்களின் கூடுதல் மூன்றாவதை விடப் பெரிது என்பது. E, H, F ஒரே கோட்டில் அமைந்து முக்கோணமே உருவாகாமல் போனால்? அப்போது F, EG என்ற கோட்டின் மேல் விழுகிறது. F-உம் G-உம் வெவ்வேறு புள்ளிகள். H-இலிருந்து சம தூரத்தில், ஒரே கோட்டில் இருப்பதால் H-க்கு G ஒரு புறமும் F மறுபுறமும் நிற்கும். அப்போது EF என்பது EH, HF இரண்டின் வித்தியாசம் மட்டுமே. கூடுதலை விட அது குறைவு என்பதால் முடிவு அப்படியே நிற்கிறது. இந்த நிலையைத் தனியாக ஒரு வரியில் எழுதிவிடுங்கள். விடைத்தாள்களில் விட்டுப்போகும் வரி இதுதான்.