அழித்துவிட்டால் தீர்ந்துவிடாது: தெரு குரூப்பில் பகிர்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் புதுப்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. 2015 வெள்ளத்தின்போது எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர், யார் வீட்டில் சோறு ஆகிறது என்று சொல்லிக்கொள்ள நான் ஆரம்பித்தது. இப்போது நிர்வாகத்தை இளைய பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறேன். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் நான் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள், அதனால் இதை எழுதுகிறேன். "எல்லாவற்றையும் நம்பாதீர்கள்" என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

இரட்டை அம்பு இல்லை என்று நம்புவது

ஒரு செய்தி ஐந்து கைகளாவது மாறி வந்தால் அதன் தலையில் இரண்டு அம்புக்குறி தெரியும். அது இல்லாததால் "இது நேரடியாக வந்தது" என்று நினைக்கிறார்கள். யாராவது நடுவில் காப்பி எடுத்து ஒட்டியிருந்தால் அம்பு போய்விடும். அதனால் அனுப்பியவரிடமே கேளுங்கள்: "இது உங்களுக்கு யார் அனுப்பினது?" பெரும்பாலும் இரண்டாவது ஆளிடமே நூல் அறுந்துவிடும்.

தேதியில்லாத அணைச் செய்தி

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, சாத்தனூர் அணையைத் திறந்தார்கள், தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. அந்தச் செய்தி உண்மை. அதன் பிறகு மழைக்காலம் வந்தாலே அதே வாசகம் தேதியில்லாமல் எங்கள் குரூப்பில் தலைகாட்டுகிறது. ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு வயதான அம்மா, பேரப்பிள்ளைகளோடு இரவில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவார். மூன்று தடவை வீணாகக் கிளம்பியவர் நாலாவது தடவை, நிஜமாகவே தண்ணீர் வரும்போது, கிளம்ப மாட்டார். தேதியும் மாவட்ட நிர்வாகத்தின் பெயரும் இல்லையென்றால் போடாதீர்கள்.

இறப்புச் செய்தி

அந்த வீட்டார் சொல்லும்வரை உங்களுக்குத் தெரியாது.

இரத்தம் தேவை

கொடுத்திருக்கும் எண்ணுக்கு முதலில் நீங்கள் போன் செய்யுங்கள்.

சத்தமில்லாமல் அழிப்பது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். தவறான செய்தியைப் போட்டவர் யாரும் பார்க்காதது போல அதை அழித்துவிட்டு, வேறு படம் ஒன்றைப் போட்டு நகர்ந்துவிடுவார். இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான், நானே அப்படிச் செய்தவள் என்பதால் இன்னும் அதிகமாக.

2018 மே மாதம் நினைவிருக்கலாம். குழந்தை கடத்துகிறார்கள் என்று வடமாவட்டங்கள் முழுக்கப் படமும் குரல்பதிவும் பறந்தன. அப்போது இந்தியா முழுக்கச் சுற்றிய வீடியோ ஒன்றில், பைக்கில் வந்தவர்கள் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எச்சரிக்கைப் பலகை காட்டும் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். மே 9 அன்று, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த அறுபது வயதைக் கடந்த ஒரு அம்மா, வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். ஊரார் கூடி அடித்ததில் இறந்துபோனார்.

அதே வாரம் எங்கள் நாத்தனார் ஒரு படம் அனுப்பினார். தலையில் பாத்திரக் கூடை, இடுப்பில் துணி மூட்டை, நாற்பது வயதுப் பெண். "மூட்டையில் மயக்க மருந்து, எச்சரிக்கை" என்று எழுதியிருந்தது. நான் இரவு ஏழரை மணி வாக்கில் தெரு குரூப்பில் போட்டேன். கால் மணி நேரத்தில் கோடி வீட்டு அக்கா போன் செய்தார். "ஏம்மா, அது பழைய புடவைக்குப் பாத்திரம் தருகிற பொண்ணு. போன தீபாவளிக்கு நானே அவகிட்ட இட்லிப் பானை வாங்கினேன்." உடனே அழித்துவிட்டேன். அந்த இடத்தில் "இந்தச் செய்தி அழிக்கப்பட்டது" என்ற வரி மட்டும் நின்றது. என்ன செய்தி, ஏன் அழித்தேன் என்று நான் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. கால் மணி நேரம்தானே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

மூன்றாம் நாள் முதுநகர்ப் பக்கம் அந்தப் பெண்ணை ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டு மூட்டையைப் பிரித்துக் கொட்டியிருக்கிறார்கள். ஒரு பூக்காரம்மா அடையாளம் சொன்னதால் அடி விழவில்லை. படம் எங்கிருந்து வந்தது என்று கோடி வீட்டு அக்கா விசாரித்தார். எங்கள் தெரு மருமகள் ஒருத்தி அந்தக் கால் மணி நேரத்தில் அதைத் தாய்வீட்டுக் குரூப்புக்கு அனுப்பியிருந்தாள். அவள் என்னிடம் சொன்னது: "அக்கா, நீங்க போட்டதாலதான் உண்மைன்னு நினைச்சேன். தப்புன்னு நீங்க சொல்லவே இல்லையே." அவள் கேட்டதில் என்ன குறை? அந்தப் பாத்திரக்காரப் பெண் அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வரவே இல்லை.

நீங்கள் அழிப்பது உங்கள் குரூப்பில் இருக்கும் பிரதியை மட்டும்தான். மற்றவர்கள் முன்னனுப்பியது அப்படியே இருக்கும். அதனால் தவறு என்று தெரிந்தால் நான் இப்போது செய்வது இந்த வரிசையில்தான். அழிப்பதற்கு முன்னால் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து 'விவரம்' என்பதில் யார் யார் படித்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்வேன். அடுத்து, படத்தைத் திரும்பக் காட்டாமல், எழுத்தில் திருத்தம்: "இன்று 7.30க்கு நான் போட்ட பாத்திரம் விற்கும் பெண்ணின் படம் பொய். அவர் பல வருடமாக நம் ஊரில் வியாபாரம் செய்பவர். யாருக்காவது அனுப்பியிருந்தால் இந்தச் செய்தியையும் அதே இடத்துக்கு அனுப்புங்கள்." எழுத்து படிக்காத பெரியவர்களுக்காக இதையே குரலிலும் சொல்வேன். அப்புறம்தான் அழிப்பது. கடைசியாக, படித்தவர்களில் அதிகம் முன்னனுப்புகிறவர்கள் யார் என்று நமக்கே தெரியும், அந்த நான்கைந்து பேருக்குப் போன்.

"மன்னிக்கவும், தவறாக வந்துவிட்டது" என்று மட்டும் போடாதீர்கள். எது தவறு என்று அதில் இல்லை. பொய் எந்த வழியாகப் போனதோ அந்த வழியாகவே திருத்தமும் போக வேண்டும், அதற்குத் தனித்து நிற்கும் வாக்கியம் வேண்டும்.

"வந்ததை அப்படியே அனுப்பினேன்"

பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றை 2018இல் ஒரு நடிகர் முகநூலில் பகிர்ந்தார். படிக்காமல் பகிர்ந்துவிட்டேன், நீக்கிவிட்டேன், மன்னிப்பும் கேட்டேன் என்று அவர் தரப்பில் சொன்னார்கள். 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. அனுப்பிய செய்தி வில்லிலிருந்து கிளம்பிய அம்பு மாதிரி, அதன் விளைவுக்கு அனுப்பியவர் பொறுப்பேற்க வேண்டும் என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பு புதிதாகத் தெரியவில்லை, அந்த மருமகள் கேட்டதும் அதுதான்.

பெரியவர்களைக் குரூப்பிலேயே திருத்துவது

சித்தப்பா தப்பான செய்தி போட்டால் "பொய்" என்று எல்லோர் முன்னாலும் எழுதாதீர்கள். அவர் வீம்புக்கு இன்னும் நாலு இடத்துக்கு அனுப்புவார். போன் செய்து, "சித்தப்பா, நீங்களே ஒரு வரி போட்டுட்டீங்கன்னா எல்லாரும் கேட்பாங்க" என்று சொல்லுங்கள். பாதிப் பேர் போட்டுவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் பார்த்தும் போடாவிட்டால், பெயர் சொல்லாமல் நானே திருத்தம் போட்டுவிடுவேன். யாரோ ஒருவர் முகம் அந்தப் படத்தில் இருந்தால் அந்த ஒரு மணி நேரமும் கிடையாது.

போன மாதம் எங்கள் புது நிர்வாகித் தம்பி, வாடகைக்கு வீடு கேட்டு வந்த ஒருவரின் படத்தை "திருடன்" என்று போட்டு, பத்து நிமிடத்தில் அழித்துவிட்டான். வீட்டுக்குப் போய் உட்கார வைத்துத் திருத்தம் எழுத வைத்தேன். படம் மூன்று குரூப்புக்குப் போயிருந்தது. இரண்டில் திருத்தத்தைப் போட்டதாகப் பதில் வந்தது. மூன்றாவது குரூப்பின் நிர்வாகி போனை எடுக்கவில்லை. தம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் அவர் வீட்டுக்கே போனான்.