இறுக்கமாக வெட்டிய முகப்படத்தை விரிக்கும்போது நேரும் தவறுகள்

பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் ஸ்டுடியோவுக்கு, காலமான தாயின் முகப்படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிடக் கேட்டு அடிக்கடி வருவார்கள். கல்யாணக் கூட்டுப்படத்திலிருந்து யாரோ முகத்தை மட்டும் வெட்டியெடுத்திருப்பார்கள். உச்சந்தலை மேல் விளிம்பில் முட்டி நிற்கும், ஒரு காது பாதியில் அறுபட்டிருக்கும். வெட்டாத மூலப்படம் கிடைக்குமா என்று கேட்காமலேயே, படத்தின் விளிம்புக்கு வெளியே புதிய பகுதியை வரைந்து சேர்க்கும் போட்டோஷாப்பின் Generative Expand வசதியை நாடுவதுதான் முதல் தவறு.

வெட்டுப்பட்டு மறைந்த உறுப்பை அந்தக் கருவி மீட்டுத் தருவதில்லை. பயிற்சியில் பார்த்த படங்களை ஒட்டி, பொருத்தமாகத் தோன்றும் ஒன்றைப் புதிதாக வரைகிறது. இந்த வட்டாரத்து மூதாட்டி ஒருவரின் படத்தை இரு பக்கமும் விரித்தபோது, பாம்படம் அணிந்து தோளருகே தொங்கிய காதுக்குப் பதிலாக, சிறு தோட்டுடன் கூடிய குட்டைக் காதொன்று வந்தது. தோலின் நிறமும் ஒளியும் சரியாகப் பொருந்தியிருந்ததால் எனக்குக் குறை தெரியவில்லை. படத்தைப் பார்த்த மகள், "தம்பி, எங்கம்மை காது இப்படி இருக்காதே" என்றார். மறுபக்கக் காதைத் திருப்பி ஒட்டலாம் என்று தோன்றும். ஆனால் முகத்தின் இரு பாதிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை, நிழலும் எதிர்த்திசையில் விழும். வேறொரு படம் கிடைக்காவிட்டால், அந்தப் பக்கத்தை விரிக்காமல் விடுவதே நேர்மை. தலைமுடி, சேலை, சுவர் ஆகியவற்றைக் கருவியிடம் விடலாம். காது, தாடை, நெற்றி ஆகியவற்றை விடக்கூடாது.

அடுத்த தவறு, தேர்ந்தெடுத்த பகுதியைப் புதிதாக நிரப்பும் Generative Fill வசதியைப் பயன்படுத்தும்போது, அந்தத் தெரிவை முகத்துக்குள் நீட்டிவிடுவது. ஒட்டு தெரியாமலிருக்கச் சற்று மேற்பொருந்தல் தேவைதான். ஆனால் அது முடியின் மீதோ பின்னணியின் மீதோ விழவேண்டும், கன்னத்தின் மீது விழுந்தால் அங்குள்ள தோல் புதிதாக எழுதப்பட்டுவிடும். இதைக் கண்டுபிடிக்க, மூலப்படத்தின் நகலை அதே இடத்தில் மேல் லேயராக வைத்து, கலப்பு முறையை Difference என்று மாற்றவேண்டும். மாறாத பகுதி முழுக் கறுப்பாகத் தெரியும். தாடையோரம் சாம்பல் கோடு தெரிந்தால் கருவி அங்கே கைவைத்திருக்கிறது என்று பொருள். வித்தியாசம் மங்கலாக இருக்குமென்பதால், Levels கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிப் பார்ப்பது நல்லது. உருவான லேயரின் மாஸ்க்கில் அவ்விடத்தைக் கறுப்பால் தீட்டினால் அசல் முகம் திரும்பிவிடும். லேயர்களை ஒன்றாக்கிச் சேமித்துவிட்டவர்களுக்கு அந்த வழி இல்லை.

தெளிவும் கவனிக்கவேண்டியது. 2023இல் இந்த வசதி வந்தபோது, ஒருமுறை உருவாக்கும் பகுதி நீளத்திலும் அகலத்திலும் ஏறத்தாழ 1024 பிக்சல்தான். அதைவிடப் பெரிய தெரிவை இழுத்து நிரப்பியதால் முடி மெழுகுபோல் வழவழத்தது. பிந்தைய பதிப்புகள் மேம்பட்டாலும், 2400 பிக்சல் அகலப் படத்தின் மேலே 600 பிக்சல் சேர்க்க, நான் இன்றும் மூன்று துண்டுகளாகவே நிரப்புகிறேன். துண்டுகள் சேருமிடம் வகிட்டின் மீது வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

அந்த மூதாட்டியின் படத்தில் மேலும் கீழும் மட்டும் விரித்து, காது அறுபட்ட பக்கத்தை இருந்தபடியே விட்டு, சட்டத்தின் அகலத்தைக் குறைத்துக் கொடுத்தேன்.