எம்.டி.யின் பி.ஏ.வுக்கு எழுதிய மெயில்

எங்கள் சங்கத்தின் கல்வி உதவித்தொகைக்காக ஒரு நிறுவனத்தின் எம்.டி.யைப் பார்க்க வேண்டியிருந்தது. அவருக்குப் போட்ட மெயில்களுக்குப் பதில் இல்லை. வரவேற்பறையில் கேட்டு, அவருடைய பி.ஏ.வின் மெயில் முகவரியை வாங்கினேன்.

"சாரிடம் கொடுத்துவிடுங்கள்" என்று ஒரு வரியோடு நிறுத்தாமல், அந்த அம்மாவுக்கே எழுதினேன். சப்ஜெக்ட்: "15 நிமிடச் சந்திப்பு, கல்வி உதவித்தொகை, 20ஆம் தேதிக்குள்". உள்ளே: "வணக்கம் மேடம். செவ்வாய் அல்லது வியாழன் காலை சாருக்குத் தோதுப்படுமா? போனில் பேசினாலும் போதும். இதை வேறு அதிகாரி கவனிப்பதாக இருந்தால் சொல்லுங்கள், அவரை அணுகுகிறேன்."

அதற்குக் கீழே, அப்படியே சாருக்கு ஃபார்வர்ட் செய்ய நான்கு வரி: நாங்கள் யார், என்ன கேட்கிறோம், எவ்வளவு தொகை, ஏன் அந்தத் தேதி. வேலையை நகர்த்தியது இதுதான் என்பேன். பி.ஏ. தன் சொல்லில் எதையும் விளக்க வேண்டியதில்லை. காரணத்தை மறைத்து "பர்சனல்" என்று போட்டால் மெயில் அவரிடமே நின்றுவிடும்.

வியாழன் 11 மணி கிடைத்தது. ஆனால் புதன் மாலை, அது தள்ளிப்போவதாகத் தகவல் வந்தது. "பரவாயில்லை மேடம், அடுத்து எப்போது வசதி?" என்று அதே மெயிலுக்கே பதில் போட்டேன். பழைய விவரமெல்லாம் கீழேயே இருந்ததால் அவர் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமை சந்திப்பு நடந்தது. அன்று மாலையே பி.ஏ.வுக்குத் தனியாக நன்றி எழுதினேன்.