‘டேட்டாபேஸ் அவன் பார்த்துக்குவான்’: ப்ராஜெக்ட் வேலையைப் பிரிக்கும்போது செய்யக் கூடாதவை

பிழைப்புக்கு சாஃப்ட்வேர் வேலை. சில வருடங்களாகப் பொறியியல் கல்லூரிகளில் கடைசி வருட ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு வெளியாளாகப் போய் உட்கார்ந்து வருகிறேன். நாலு பேர் கொண்ட பேட்ச்சில் ஒருவர் ஒரு வரி கோடும் எழுதாமல் வைவா வரை வந்து நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். நாங்கள் படித்த காலத்தில் அடித்த கூத்தேதான், லேப்டாப் மட்டும் புதுசு. ‘கிட் பயன்படுத்துங்கள், வாரம் ஒருமுறை பேசுங்கள்’ என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

## அடுக்கு அடுக்காகப் பிரிப்பது

இன்றும் பார்த்தால் எரிச்சல் வருகிற தவறு இதுதான். ஜீரோத் ரிவ்யூ பிபிடியில் ஒரு ஸ்லைடு இருக்கும்: ஒருவருக்கு ஃப்ரண்ட் எண்ட், ஒருவருக்கு பேக் எண்ட், ஒருவருக்கு டேட்டாபேஸ், ஒருவருக்கு டாக்குமெண்டேஷன். நாலு பேர், நாலு பெட்டி. பார்வைக்கு நியாயமாகத்தான் இருக்கும்.

ஒரு பேட்ச்சின் கதையைச் சொல்கிறேன். ஹாஸ்டல் அவுட்பாஸ் ஆப். மாணவர் வெளியே போக அனுமதி கேட்பார், வார்டன் ஒப்புதல் தருவார், கேட்டில் செக்யூரிட்டி போன நேரமும் வந்த நேரமும் பதிவு செய்வார், குறித்த நேரத்துக்குள் திரும்பாதவர்களின் பட்டியல் வார்டனுக்குத் தெரியும். நல்ல ப்ராஜெக்ட், நாலு பேருக்கு அளவான வேலை. டேட்டாபேஸ் எடுத்தவனிடம் குரூப்பில் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: “போயிட்டு இருக்கு மச்சான்.” பேக் எண்ட் எழுதியவள் டேபிள் வரும்வரை காத்திருக்க முடியாமல் ஒரு ஜேசன் ஃபைலில் டேட்டாவைப் போட்டுச் சமாளித்தாள். திரை செய்தவன் அந்த ஜேசனைப் பார்த்தே ஸ்கிரீன் கட்டினான். இரண்டாவது ரிவ்யூவில் எல்லாம் ஓடியது, நாங்களும் தலையாட்டினோம். மூன்றாவது ரிவ்யூவுக்கு முந்தைய வாரம் இணைக்க உட்கார்ந்தபோதுதான் டேட்டாபேஸ் என்ற ஃபோல்டரில் ஒரு ஈஆர் படம் மட்டும் இருந்தது தெரிந்தது. அதுவும் எங்கிருந்தோ எடுத்த நூலக மேலாண்மை ப்ராஜெக்ட்டின் படம்.

அவன் ஓபி அடித்தான் என்பது உண்மை. ஆனால் அத்தனை நாள் அது வெளியே தெரியாமல் போனதற்குக் காரணம் பிரித்த விதம். அடுக்காகப் பிரித்தால் எந்த அடுக்கும் தனியாக ஓடிக் காட்டாது. ‘டேட்டாபேஸ் எழுபது சதவீதம் முடிஞ்சுது’ என்று ஒருவர் சொன்னால் அதைச் சோதிக்க உங்களிடம் வழியே இல்லை. ஒரு அடுக்கு காலியாக இருந்தால் மொத்த ஆப்பும் படுத்துவிடும் என்பதால், கடைசியில் மற்றவர்கள்தான் அதை எழுதியாக வேண்டும். அதாவது, வேலை செய்யாதவர் கையில் மொத்த பேட்ச்சின் குடுமியையும் நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள்.

கூட்டத்தில் தன் பங்கு தனியாகத் தெரியாதபோது மனிதர்கள் தானாகவே கொஞ்சம் கை தளர்த்துகிறார்கள். 1979-இல் உளவியலாளர் பிப் லட்டானேயும் சக ஆய்வாளர்களும் அமெரிக்க மாணவர்களைக் கைதட்டவும் கத்தவும் சொல்லி இதை அளந்தார்கள். கூட்டம் பெருகப் பெருக ஆளுக்கு எழுப்பும் சத்தம் குறைந்தது. அவரவர் சத்தம் தனித்தனியாக அளக்கப்படுகிறது என்று நம்பவைத்தபோது அந்தத் தளர்ச்சி போய்விட்டதை அதே குழு பின்னர் காட்டியது.

எனவே அம்சம் அம்சமாகப் பிரியுங்கள். ஒரு அம்சத்தை எடுத்தவர் அதன் திரை, சர்வர் கோடு, குவெரி எல்லாவற்றையும் தானே எழுத வேண்டும். அவுட்பாஸ் ஆப்பையே எடுத்துக்கொள்வோம். முதல் வாரம் நாலு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து இரண்டு விஷயத்தை மட்டும் முடிக்க வேண்டும்: லாகின், அப்புறம் `outpass` டேபிள். அந்த டேபிளில் `status` என்று ஒரு ஃபீல்டு. அது எடுக்கும் மதிப்புகளைப் பெயரோடு எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும்: `PENDING`, `APPROVED`, `REJECTED`, `OUT`, `RETURNED`. இதற்குப் பிறகு பிரிப்பது சுலபம். விண்ணப்பம் செய்பவர் `PENDING` வரிசையை உருவாக்குவார். வார்டன் பக்கம் எடுத்தவர் அதை `APPROVED` அல்லது `REJECTED` ஆக்குவார். கேட் பக்கம் எடுத்தவர் `APPROVED`-ஐ `OUT` ஆக்கி, திரும்பி வந்ததும் `RETURNED` ஆக்குவார். நான்காமவர், `OUT` நிலையிலேயே நேரம் தாண்டி நிற்பவர்களின் பட்டியலைக் காட்டுவார்.

ஒருவருக்காக இன்னொருவர் காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு நிலையிலும் நாலைந்து போலி வரிசைகளை `seed.sql` என்ற ஃபைலில் போட்டு வைத்தால், கேட் பக்கம் எழுதுபவர் வார்டன் பக்கம் வராமலே தன் வேலையை ஓட்டிப் பார்க்கலாம். வார்டன் பக்கம் கடைசிவரை வரவே இல்லை என்றாலும் டெமோவில் கையால் ஒரு வரி போதும்:

```sql
UPDATE outpass SET status = 'APPROVED' WHERE id = 12;
```

மற்ற மூன்று அம்சங்களும் ஓடும். ஓடாதது எது, யாருடையது என்பது யாரும் வாய் திறக்காமலே தெரியும். “முடிஞ்சுதா?” என்று கேட்கவும் வேண்டாம், “பட்டனை அழுத்திக் காட்டு” என்று சொன்னால் போதும். யார்மேலாவது சந்தேகம் இருந்தால் சங்கிலியின் கடைசிக் கண்ணியை அவருக்குக் கொடுங்கள். இங்கே அது நேரம் தாண்டியவர்களின் பட்டியல். சின்ன வேலை, ஆனால் முழு வேலை. பட்டன் நிறம் மாற்றுகிற வேலையைக் கொடுத்துவிட்டு ‘அவனும் பண்ணினான்’ என்று சொல்லாதீர்கள்.

இதிலும் தொல்லை உண்டு. எல்லோரும் ஒரே ரவுட்ஸ் ஃபைலைத் தொடுவதால் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வரும். அம்சத்துக்கு ஒரு ரவுட் ஃபைல் என்று முதலிலேயே பிரித்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். திரைகள் நாலு வீட்டுக் கல்யாணம் மாதிரி ஆளுக்கு ஒரு ரகமாக இருக்கும். ஒரு பொது சிஎஸ்எஸ் ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் லேர்னிங் ப்ராஜெக்ட்டில் டேட்டாவைச் சுத்தம் செய்யாமல் மாடலைப் பயிற்றுவிக்க முடியாது என்பதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே சுத்தம் செய்கிற வேலையைச் சேர்ந்து முடித்துவிட்டு, ஆளுக்கு ஒரு மாடல் எடுத்துக்கொள்ளலாம்.

## ‘டாக்குமெண்டேஷன் நீ பார்த்துக்கோ’

கோடு வராதவருக்கு இரக்கப்பட்டுக் கொடுக்கிற வேலை இது. கோடு எழுதி முடியாமல் ரிப்போர்ட்டில் எழுத என்ன இருக்கிறது? மாதக்கணக்கில் அவர் சும்மா இருப்பார், கடைசியில் இலக்கிய ஆய்வு அத்தியாயத்தை எங்கிருந்தோ ஒட்டுவார். அவரவர் அம்சத்தின் அத்தியாயத்தை அவரவர் எழுதட்டும். அலைன்மென்ட், பக்க எண், பைண்டிங் மட்டும் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

## ஓபி என்று உடனே முடிவு கட்டுவது

கோடு வராததற்கு நான் அதிகம் பார்த்த காரணம் சோம்பல் இல்லை. முதல் நாளே `npm install` சிவப்பாக எர்ரர் அடித்திருக்கும், கேட்க வெட்கப்பட்டு மூடி வைத்திருப்பார். அல்லது 4 ஜிபி ராம் லேப்டாப்பில் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ திறக்கவே திணறும். அதற்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி வேண்டும் என்று அதன் தளத்திலேயே போட்டிருக்கிறது. இவரிடம் குரூப்பில் “எப்ப முடிப்ப?” என்று கேட்டால் “போயிட்டு இருக்கு” என்பதைத் தவிர என்ன சொல்வார்?

முதல் வாரத்திலேயே ஒரு விதி வையுங்கள்: நாலு பேரும் தங்கள் மெஷினில் ஆப்பை ஓட்டி, ரீட்மீயில் தங்கள் பெயரைச் சேர்த்து, புல் ரிக்வெஸ்ட் அனுப்பி மெர்ஜ் ஆக வேண்டும். ஒரு வரி மாற்றம்தான். இதில் யார் சிக்குகிறாரோ அவர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். கீபோர்டு அவர் கையில் இருக்கட்டும். அந்த அரை மணியில் மூன்றில் ஒன்று தெரிந்துவிடும்: செட்டப் கோளாறா, கோடே வரவில்லையா, வர மனசில்லையா. முதலாவதை அன்றே சரிசெய்யலாம். இரண்டாவதற்கு, நீங்கள் எழுதிய அம்சம் ஒன்றை மாதிரியாகக் கொடுத்து அதைப் பார்த்து அடுத்ததைச் செய்யச் சொல்லுங்கள். உட்காரவே வராதவர் மூன்றாவது வகை.

## கமிட் எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்பு

சண்டை வந்ததும் எல்லோரும் ஓட்டுகிற கட்டளை இது:

```
git shortlog -sne --no-merges main
```

யார் எத்தனை கமிட் என்று பட்டியல் வரும். அதை அப்படியே நம்ப வேண்டாம். லேபில் ஒரு ஈமெயில், வீட்டில் ஒரு ஈமெயில் என்று `user.email` மாறியிருந்தால் ஒரே ஆள் இரண்டு பேராகத் தெரிவார். இருவர் ஒரே லேப்டாப்பில் சேர்ந்து எழுதினால் லேப்டாப்காரர் பெயர் மட்டும் விழும். அப்போது கமிட் செய்தியின் கடைசியில் `Co-authored-by:` வரி சேர்த்தால் கிட்ஹப் இருவரையும் காட்டும், ஆனால் மேலே உள்ள கட்டளை அந்த வரியைக் கணக்கில் எடுக்காது. வரிகளை எண்ணுவது இன்னும் மோசம்: `package-lock.json` ஃபைலை ஏற்றியவர் ஆயிரக்கணக்கான வரி எழுதியவராகிவிடுவார். பட்டியலில் ஒருவர் பெயரே இல்லை என்றால் அது கேள்வி கேட்கத் தக்க விஷயம். அறுபதா நாற்பதா என்பது அப்படி இல்லை.

## ராத்திரியோடு ராத்திரியாக அவன் பகுதியையும் எழுதிவிடுவது

எழுதாதீர்கள். அந்த அம்சத்தை ஸ்கோப்பிலிருந்து எடுத்துவிட்டு, எடுத்ததை கைடிடம் சொல்லுங்கள்.

## கைடிடம் கடைசி வாரத்தில் போவது

மூன்றாவது ரிவ்யூ முடிந்து போய் “சார், அவன் ஒண்ணுமே பண்ணல” என்றால் அவரால் செய்ய எதுவும் இல்லை. முதல் ரிவ்யூவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் போக வேண்டும். அதற்கு முன் சம்பந்தப்பட்டவரிடம் நேரில் ஒருமுறை, தேதி குறித்து எழுத்தில் ஒருமுறை சொல்லியிருக்க வேண்டும், கைடு முதலில் கேட்பதே “அவன்கிட்ட பேசுனீங்களா?” என்பதுதான். கோள் சொல்வது போலப் போகாதீர்கள். இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

“சார், நேரம் தாண்டியவர்கள் பட்டியல் பகுதி 14-ஆம் தேதி வர வேண்டியது, இன்னும் புல் ரிக்வெஸ்ட் வரவில்லை. இருமுறை கேட்டோம், ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து செட்டப்பும் செய்து கொடுத்தோம். 25-ஆம் தேதிக்குள் வராவிட்டால் அந்த அம்சத்தை ஸ்கோப்பிலிருந்து எடுத்துவிடலாமா? உங்கள் யோசனை வேண்டும்.”

இதில் யாரையும் குறை சொல்லவில்லை, ஆனால் எல்லாம் இருக்கிறது. கைடு அவரைக் கூப்பிட்டுக் கேட்டால் பாதிப் பேர் அதே வாரத்தில் ஏதாவது ஒன்றைச் செய்துவிடுகிறார்கள். செய்யாவிட்டாலும் இன்டர்னல் மார்க் போடும்போது கைடுக்கு இது நினைவிருக்கும்.

## வைவாவில் முட்டுக் கொடுப்பது

கேள்வி யாரிடம் கேட்கப்பட்டதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் குறுக்கே புகுந்து சொன்னால், அடுத்த கேள்வியையும் அவரிடமேதான் கேட்போம்.