நிதி அட்டவணைகளைத் தமிழாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: ‘இவற்றுள்’ எங்கே போனது?

கொழும்பில் மார்ச் 31 உடன் கணக்காண்டை முடிக்கும் கம்பனிகள் நிறைய. அதனால் சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு ஆண்டறிக்கை மொழிபெயர்ப்பு வேலை எங்கள் தலையில் வந்து குவியும். இந்த முறையும் அப்படித்தான். என்னிடம் வேலை பழகும் ஒரு தங்கை, தான் தமிழாக்கிய கடன் அட்டவணை ஒன்றைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். சொற்கள் நல்லாயிருந்தன, எண்களும் ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனால் நடுவில் இருந்த இரண்டு வரிகளைப் பார்த்ததும் எனக்குப் பக்கென்றது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் விட்ட அதே பிழை அங்கே அப்படியே கிடந்தது.

எழுத்துப்பிழை, இலக்கம் மாறி விழுவது போன்றவற்றை யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன். எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரிந்துகொண்டே கணக்கைக் கெடுக்கும் தவறுகளைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

‘இவற்றுள்’ வரிகளை மற்ற வரிகளோடு சேர்த்துவிடுவது

அன்று எனக்கு வந்தது ஒரு நிதிக் கம்பனியின் அட்டவணை. அதன் சாரம் இதுதான் (எண்களைச் சுருக்கித் தருகிறேன், ரூபா மில்லியனில்):

| | |
|---|---|
| லீசிங் | 4,200 |
| தங்கக் கடன் | 1,900 |
| தனிநபர் கடன் | 1,300 |
| பிணை உள்ளவை | 900 |
| பிணை அற்றவை | 400 |
| உப மொத்தம் | 7,400 |
| குறைத்தல்: ஐயக்கடன் ஏற்பாடு | (350) |
| தேறிய கடன்கள் | 7,050 |

நான்காம், ஐந்தாம் வரிகளைப் பாருங்கள். 900, 400 இரண்டும் புதிய தொகைகள் அல்ல. மேலே இருக்கும் 1,300 ஐத்தான் அவை பிரித்துக் காட்டுகின்றன. ஆங்கிலப் பிரதியில் இதைத் தெரிவித்தது இடப்பக்கம் இருந்த ஒரு ஒடுங்கிய நிரல். அதில் அந்த இரண்டு வரிகளுக்கும் பொதுவாக ஒரே கலத்தை இணைத்து, ‘இவற்றுள்’ என்ற பொருள்படும் இரண்டு சின்னச் சொற்களைப் போட்டிருந்தார்கள். அந்த இணைத்த கலம் இரண்டு வேலை செய்தது. சொல் இரண்டு வரிகளுக்கும் பொருந்தும் என்று காட்டியது, வரிகளை உள்ளே தள்ளியும் வைத்தது.

நான் அங்கே ‘இவற்றுள் அடங்குபவை’ என்று எழுதினேன். அந்த ஒடுக்கத்தில் அது எழுத்தெழுத்தாக உடைந்து கீழே இறங்கியது. சரி, இணைப்பைப் பிரித்துவிடலாம் என்று பிரித்தேன். எக்செலில் இணைத்த கலத்தைப் பிரித்தால் அதிலிருந்த சொல் மேல் கலத்தில் மட்டும் தங்கும், கீழ்க் கலம் வெறுமையாகிவிடும். அப்புறம் இடம் போதாது என்று அந்த நிரலையே அழித்தேன். ‘இவற்றுள்’ போனது, உள்தள்ளலும் போனது. மிஞ்சியதுதான் மேலே நீங்கள் பார்க்கும் அட்டவணை. ஐந்து கடன் வகைகள் வரிசையாக நிற்பதுபோல் இருக்கிறதல்லவா?

பக்கம் வடிவமைக்கும் தம்பி கவனமான ஆள். கூட்டிப் பார்த்துவிட்டு அழைத்தார். நான் காலி வீதியில் பஸ்ஸில் இருந்தேன். “அக்கா, உப மொத்தம் பிழை. 8,700 வரவேணும், 7,400 எண்டு கிடக்கு.” மூலத்தைத் திறந்து பார்க்காமலே, “ஆங்கிலத்தில கூட்டல் பிழைச்சிருக்கும், திருத்திவிடுங்கோ” என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்காது. மூலத்திலிருந்து வந்த சூத்திரம், நான் நிரலை அழித்த பிறகு, முதலாவது. அவர் போட்டது இரண்டாவது:

```
=B2+B3+B4
=SUM(B2:B6)
```

அச்சாகி வந்த பக்கத்தில் 8,700 இலிருந்து 350 ஐக் கழித்தால் 7,050 என்று இருந்தது. ஐந்தொகையில் இருந்ததும் 7,050 தான். கம்பனியின் கணக்காளர் ஒரு நிமிடத்தில் பிடித்துவிட்டார். அந்தத் தாளைத் திரும்ப அச்சிட்டு, கட்டிய புத்தகங்களைப் பிரித்துக் கட்டினார்கள். செலவு என் கூலியில் கழிந்தது. அதைவிட, கணக்குத் தெரியாதவர் என்று என்னைப் பற்றி அங்கே பதிந்துபோனதுதான் வலித்தது.

இதில் என்னை இன்னமும் எரிச்சல்படுத்துவது, பிழையைத் தவிர்க்கும் வழி அவ்வளவு சுலபம் என்பது. மொழிபெயர்க்கத் தொடங்கும் முன்பே மூல அட்டவணையை அச்செடுத்து, ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு குறி போடுங்கள். உப மொத்தத்தில் கூடும் வரிக்கு +, கழியும் வரிக்கு −, எதிலும் சேராத பிரிப்பு வரிக்கு 0. குறிகளின்படி கூட்டிப் பாருங்கள். உப மொத்தம் வந்துவிட்டால் அட்டவணையின் எலும்புக்கூடு உங்கள் கையில் இருக்கிறது. பிறகு 0 போட்ட வரிகளில் அந்தச் சொல்லை ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகக் கொடுங்கள்: ‘இவற்றுள் பிணை உள்ளவை’, ‘இவற்றுள் பிணை அற்றவை’. திரும்பத் திரும்ப வருகிறதே என்று யோசிக்க வேண்டாம். கலம் பிரிந்தாலும், நிரல் அழிந்தாலும், பக்கம் மாறினாலும் சொல் வரியோடேயே போகும்.

எண்களையும் பிரித்து வைக்கலாம். பாடசாலையில் வர்த்தகம் படித்தவர்களுக்கு உள் நிரல், வெளி நிரல் தெரிந்திருக்கும். 900 ஐயும் 400 ஐயும் உள் நிரலில் போட்டால் கூட்டுகிறவரின் கண் அவற்றைத் தாண்டிப் போய்விடும். ஆனால் புதிய நிரல் சேர்ப்பது வாடிக்கையாளரின் அட்டவணையை மாற்றுவது, ஆகவே கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்க நேரமில்லாவிட்டால் வரியை உள்ளே தள்ளினால் போதும். அதை இடைவெளித் தட்டைத் தட்டிச் செய்யாமல் பந்தி உள்தள்ளலால் செய்யுங்கள். தட்டி வைத்த இடைவெளிகள் வடிவமைப்பு மென்பொருளுக்குப் போகும் வழியில் காணாமல் போகும்.

ஒரு வகை மட்டும் இந்தச் சோதனைக்கும் பிடிபடாது. ‘இவற்றுள் பிணை உள்ளவை 900’ என்று ஒரே வரி இருந்து, மிச்ச 400 ஐக் காட்டாமல் விட்டிருந்தால், பிரிப்பு வரிகளைக் கூட்டி மேல் வரியோடு ஒப்பிட முடியாது. 900 மேலே உள்ள எந்த வரிக்கு உரியது, தனிநபர் கடனுக்கா தங்கக் கடனுக்கா என்று எண்களை வைத்துச் சொல்ல வழியில்லை. மூலத்தில் கலம் எங்கே இணைந்திருக்கிறது என்று பாருங்கள். அதிலும் தெளிவில்லையென்றால் கணக்காளரைக் கேளுங்கள், ஊகிக்க வேண்டாம்.

இரண்டுக்கும் ‘மொத்தம்’ போடுவது

மேலே உள்ள 7,400 க்குப் பல அறிக்கைகளில் ‘மொத்தக் கடன்கள்’ என்று பெயர் வரும். அதாவது, ஏற்பாடு கழிக்காத தொகை. அதே அட்டவணையின் அடியில் எல்லாவற்றையும் கூட்டி வரும் தொகைக்கும் ‘மொத்தம்’ என்றே எழுதுவோம். ஆங்கிலத்தில் இரண்டு வெவ்வேறு சொற்களாக இருப்பது தமிழில் ஒன்றாகிவிடுகிறது. படிப்பவருக்கு எது கழிக்க முந்தியது, எது கூட்டி வந்தது என்று தெரியாது. ‘மொத்த இலாபம்’ பாடப்புத்தகத்திலிருந்தே ஊறிப்போன சொல், அதில் யாருக்கும் குழப்பம் வராது, அதைத் தொடாதீர்கள். கடன் அட்டவணையில் நான் கழிக்க முந்திய தொகைக்கு ‘ஏற்பாட்டுக்கு முன்னரான கடன்கள்’ என்றும், அடியில் வருவதற்குக் ‘கூட்டுத்தொகை’ என்றும் எழுதுகிறேன். நடுவில் வருவது உப மொத்தம். இந்த மூன்றையும் வேலை தொடங்கும்போதே எழுதிவைத்துவிட்டால் அறுபதாம் பக்கத்திலும் அதே சொல் வரும்.

அடிக்குறிப்புக் குறியை ஆங்கிலத்தில் இருந்த இடத்திலேயே விடுவது

‘துணைக் கம்பனிகளுக்கு வழங்கிய கடன்கள்’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் கடன்கள் முன்னால் வரும், துணைக் கம்பனிகள் கடைசியில் வரும், குறியும் கடைசியில் நிற்கும். அந்தக் குறி எதைப் பற்றியது? அடிக்குறிப்பு எந்தெந்தத் துணைக் கம்பனிகள் என்று பட்டியலிட்டால் குறி ‘துணைக் கம்பனிகளுக்கு’ என்ற சொல்லை ஒட்டி நிற்க வேண்டும். கடனின் வட்டி வீதத்தைச் சொன்னால் ‘கடன்கள்’ என்பதோடு நிற்க வேண்டும். தமிழில் சொல் ஒழுங்கு தலைகீழாவதால், கடைசியில் இருந்த குறியைக் கடைசியிலேயே விட்டால் அது வேறு சொல்லுக்குப் போய்விடும். ஆகவே முதலில் அடிக்குறிப்பை வாசியுங்கள், பிறகு குறியை வையுங்கள்.

குறி எண்ணின் மேல் வந்தால் இன்னும் கவனம். 1,300 க்கு மேலே சின்னதாக ஒரு 2 இருந்து, அச்சில் அது கீழே இறங்கிவிட்டால் 1,3002 ஆகும். எழுத்துக் குறி பாதுகாப்பானது. ஆனால் (a) ஐ (அ) ஆக்கினால் அறிக்கை முழுவதும் அந்தக் குறிப்பைச் சுட்டும் ஒவ்வொரு இடத்திலும் ஆக்க வேண்டும், ஓரிடம் விட்டாலும் வாசகர் தேடி அலைவார்.

தலைப்புக் கலத்தில் எழுத்தைச் சிறிதாக்குவது

‘குழுமம்’, ‘கம்பனி’ என்ற இணைத்த தலைப்புகளுக்குக் கீழே ‘மீளக் கூறப்பட்டது’ அடங்காது. எழுத்தைச் சிறிதாக்காமல் ஆண்டுக்குப் பக்கத்தில் ஒரு உடுக்குறி போட்டு, அட்டவணையின் அடியில் எழுதுங்கள்.

எண்களை பாமினியில் விடுவது

அச்சகத்தில் இன்னமும் பாமினி எழுத்துரு பாவிக்கிறார்கள் என்றால் எண் நிரல்களைத் தனியாகத் தெரிவுசெய்து வேறு எழுத்துரு கொடுக்கச் சொல்லுங்கள். பாமினியில் காற்புள்ளித் தட்டு ‘இ’ ஆக வரும். 4,200 அங்கே 4இ200 ஆகிவிடும்.

இலக்கப் பிரிப்பு

கணினியின் பிராந்திய அமைப்பு தமிழ் (இந்தியா) என்று இருந்தால் எக்செல் 4,200,000 ஐ 42,00,000 என்று காட்டும். அறிக்கை மில்லியனில் இருக்கிறது. அமைப்பை மாற்றுங்கள்.

அடைப்புக்குறி

(350) ஐத் தொடாதீர்கள். அது கழித்தல்.

தங்கைக்கு அன்றிரவே அழைத்து, அவருடைய அட்டவணையை அச்செடுத்து +, −, 0 போடச் சொன்னேன். இரண்டாவது 0 போடும்போதே, “அக்கா, இது உப மொத்தத்தில கூடாத வரி, என்ன?” என்று கேட்டார். ஓமென்றேன். அந்த இரண்டு வரிகளிலும் ‘இவற்றுள்’ சேர்த்து, உள்ளே தள்ளி, அடுத்த நாள் காலை அனுப்பியிருந்தார். வடிவமைப்பு முடிந்த பீடீஎஃப் வந்ததும் அதையும் அச்செடுத்து, மூலத்தைப் பார்க்காமல் திரும்பவும் பென்சிலால் குறிபோட்டுக் கூட்டச் சொல்லியிருக்கிறேன்.