மாவு மில்லுல பட்டை பெல்ட் கழண்டுக்கிட்டே இருக்கா? இப்படி செக் பண்ணுங்க

எங்க மாமா மாவு மில்லுல பெல்ட் எப்பவும் சுவர் பக்கமாவே ஓடி கழண்டு விழும், மோட்டார் புல்லி நடுவுல டேப் சுத்தி மேடாக்கினாரு, ரெண்டு மாசத்துல பெல்ட் நடுவுல வெடிப்பு விட்டதுதான் மிச்சம்.

அந்த மேடுக்கு பேரு கிரௌன். பட்டை பெல்ட் எப்பவும் புல்லியோட உசரமான இடத்துக்குத்தான் ஏறும், அதனால நடுவுல லேசா மேடு இருந்தா பெல்ட் தானா நடுவுக்கு வந்துடும். லேசான்னா ரொம்ப லேசு. 12 இஞ்ச் புல்லி மேல ஸ்டீல் ஸ்கேலை குறுக்க வச்சா ஓரத்துல 1 மில்லிமீட்டர் கிட்ட சந்து தெரியணும், அவ்ளோதான். ஜாஸ்தியானா நடு மட்டும்தான் ஒட்டும், இழுவை குறையும். தறி ஷெட்ல லைன் ஷாஃப்ட் புல்லி மட்டும் சமமா இருக்கும், அங்க பெல்ட்டை ஷாஃப்ட்ல சும்மா சுத்துற லூஸ் புல்லிக்கு தள்ளி தறிய நிறுத்தணும்ல, அதுக்காக.

முதல்ல மெயினை ஆஃப் பண்ணி ஃபியூஸை கழட்டி பாக்கெட்ல போட்டுக்கோங்க.

1. பெல்ட்டை கையால சுத்திப் பாருங்க. ஜாயின்ட் வர்றப்ப மட்டும் பெல்ட் துள்ளி நகர்ந்தா கோளாறு ஜாயின்ட்லதான், வெட்டு கோணலா இருக்கும். மூலமட்டம் வச்சு கோடு போட்டு நேரா வெட்டி கிளிப்பை புதுசா மாட்டுங்க, பழைய ஓட்டையில திரும்ப அடிக்காதீங்க, கிழிஞ்சுரும். கிளிப் பல்லு புல்லி பக்கம் துருத்திக்கிட்டு இருந்தா தட்டி உள்ள அமுக்கிடுங்க.

2. ஜாயின்ட் சரியா இருந்தும் பெல்ட் ஒரே பக்கமா போனா ஷாஃப்ட் ரெண்டும் இணையா இல்லைன்னு அர்த்தம். ஷாஃப்ட் எந்தப் பக்கம் நெருங்கியிருக்கோ பெல்ட் அந்தப் பக்கம் ஓடும். பெரிய புல்லி ஓரத்துல நூலை இழுத்துப் பிடிச்சு மோட்டார் புல்லி வரைக்கும் கொண்டு போங்க, ரெண்டு புல்லியும் ஒரே அகலம்னா நூல் 4 இடத்துலயும் ஒட்டணும். மாமா மில்லுல சுவர் பக்கம் நெருங்கியிருந்துச்சு, மோட்டார் போல்ட்டை லூஸ் பண்ணி அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு நூல் அளவுக்கு தள்ளினோம், டேப்பையும் பிச்சுட்டோம், அதோட சரியாப் போச்சு.

3. அப்புறம் ஸ்லிப். இதுக்கு மட்டும் மில்லை ஓட்டணும், அதனால வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு தள்ளி நில்லுங்க. மோட்டார் 1440 சுத்து, புல்லி 5 இஞ்ச், மில் புல்லி 10 இஞ்ச்னா மில் 720 சுத்தணும். லோடுல 1, 2 சதவீதம் குறையும், அது சகஜம். டாக்கோமீட்டர்ல 650ன்னு காட்டினா கிட்டத்தட்ட 10 சதவீதம் வழுக்குது, பெல்ட் உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளக்கும், சூடா இருக்கும். நிறுத்திட்டு ஒட்டியிருக்க மாவை காஞ்ச துணியால துடைங்க, அப்புறமும் வழுக்கினாதான் மோட்டாரை கொஞ்சம் பின்னாடி இழுங்க. நிறைய பேர் குங்கிலியத்தை தூவுவாங்க, அன்னைக்கு பிடிக்கும், நாலு நாள்ல மாவோட சேர்ந்து கெட்டியாகி முன்னைவிட மோசமா வழுக்கும். ரொம்ப இறுக்கினா பேரிங் சூடாகும், கை வச்சா தாங்க முடியலன்னா கொஞ்சம் தளர்த்திடுங்க.