வங்கி தரும் 60 லட்சமும் நாம் தாங்கும் 31 லட்சமும்

தக்கலையில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுக்கும் அலுவலகம் நடத்துகிறேன். வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போகிறவர்கள் மூன்று ஆண்டுக் கணக்கின் நகல் வாங்க என்னிடம் வருவார்கள். எவ்வளவு கடன் வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டால், வங்கியில் எவ்வளவு தருவதாகச் சொன்னார்கள் என்பதையே பதிலாகச் சொல்வார்கள். பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவது, ஒரே வங்கியோடு விசாரிப்பை நிறுத்திக்கொள்வது போன்ற தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை எவரும் சொல்லிவிடுவார்கள். கடன் தொகையையும் கட்டும் காலத்தையும் முடிவு செய்வதில் நான் செய்ததையே அடுத்த தலைமுறையும் அப்படியே செய்வதைப் பார்க்கும்போதுதான் எழுதத் தோன்றுகிறது.

வங்கியின் கணக்கை நம் கணக்காக எடுத்துக்கொள்வது

கடந்த ஆண்டு மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் குழித்துறையில் ரயிலேறிக் கழக்கூட்டம் வரை போய் மென்பொருள் வேலை பார்க்கிறவர். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. அப்பா கொடுத்த 7 சென்ட் நிலம் இருந்தது. முதலில் அவர்கள் மனத்தில் இருந்தது 1,500 சதுர அடி வீடு. கட்டுமானக்காரர் சதுர அடிக்கு 2,500 ரூபாய் வீதம் சொன்னதில் சுமார் 38 லட்சம் ஆகும். ஆனால் என்னிடம் வந்தபோது வரைபடம் 2,300 சதுர அடியாக வளர்ந்திருந்தது. காரணம் கேட்டேன். "பேங்க்ல 60 லட்சம் வரைக்கும் தருவாங்களாம் அண்ணா" என்றார் கணவர், பரீட்சையில் மதிப்பெண் வாங்கி வந்தவர் போல.

அந்த 60 லட்சம் எப்படி வந்தது என்பதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். பிடித்தங்களுக்கு முந்தைய சம்பளம் கணவருக்கு 82,000, மனைவிக்கு 18,000, ஆக ஒரு லட்சம். அதில் பாதியான 50,000 வரை தவணைக்குப் போகலாம் என்பது அந்த வங்கியின் அளவுகோல். ஓடிக்கொண்டிருக்கும் பைக் கடனின் தவணை 4,000 போக 46,000. வட்டி 8.5 சதவீதம், காலம் 30 ஆண்டு என்றால் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை 769 ரூபாய். 46,000-ஐ 769-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 60 லட்சம்.

இந்தக் கணக்கில் பிழை ஏதும் இல்லை. அது வேறொருவருடைய கேள்விக்கான விடை என்பதுதான் சிக்கல். தவணை தவறாமல் வருமா, வராவிட்டால் வீட்டை விற்று எடுக்க முடியுமா என்பது வங்கியின் கேள்வி. இவர்கள் மாதம் எவ்வளவு முதலீடு செய்வார்கள் என்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. வருங்கால வைப்பு நிதியும் வரியும் போகக் கணவரின் கைக்கு வருவது 72,000 மட்டுமே. தவணையை வருமானத்தால் வகுத்து வரும் விகிதத்தின் கீழ்ப்பகுதியில் இருக்க வேண்டியது கைக்கு வரும் அந்தத் தொகைதான். கழித்த பிறகு இல்லாத பணத்தைக் கீழே போட்டு வகுத்தால், விகிதம் தாளில் மட்டும் அழகாக இருக்கும்.

ஆகவே கைக்கு வரும் மொத்தம் 90,000. சொந்த வீட்டுக்குப் போன பின் வாடகை இராது என்று வைத்து மற்றவற்றை எழுதினோம். வீட்டுச் செலவும் பயணமும் 26,000, பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் வேன் கட்டணமும் 7,000, பெற்றோர் மருந்தும் காப்பீட்டு பிரீமியமும் 5,000, பைக் தவணை 4,000, ஆக 42,000. மிச்சம் 48,000. இதில் 46,000 தவணை கட்டினால் கையில் நிற்பது 2,000. கணவர் அதைப் பார்த்துவிட்டு, எப்படியோ சரிக்கட்டிவிடலாம் என்றார். மனைவி எதுவும் பேசாமல் அந்த 2,000-ஐ மட்டும் பேனாவால் இரண்டு முறை வட்டமிட்டார். அடுத்த பிள்ளை பிறந்தால் தன் வேலை ஒரு வருடமாவது நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். அப்போது வருமானம் 72,000. தவணை மட்டும் அதில் 64 சதவீதம். மாதம் 16,000 துண்டு விழும்.

எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். ஏனென்றால் 2012-இல் நானும் இதையே செய்தேன். கைக்கு வந்த சம்பளம் 31,000. அப்பாவின் ரப்பர் தோட்டத்திலிருந்து மாதம் சராசரியாக 12,000 வரும் என்று அதையும் கூட்டி 43,000 என்று போட்டேன். தவணை 19,500. 45 சதவீதம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மழைக்காலத்தில் பால் வெட்டு நிற்பதும், இலை உதிரும் மாதங்களில் மரத்துக்கு ஓய்வு விடுவதும் எனக்குத் தெரியாதவை அல்ல. 2011-இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டியிருந்த ரப்பர் விலை படிப்படியாக இறங்கி 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே போனது. தோட்ட வருமானம் கரைந்த பிறகு சம்பளத்தில் 63 சதவீதம் தவணைக்கே போயிற்று. மாதம் 3,000 ரூபாய் போட்டுவந்த மியூச்சுவல் ஃபண்டை முதலில் நிறுத்தினேன். பிறகு மனைவியின் நகை அடகுக்குப் போனது. தவணை ஒரு மாதம்கூடத் தவறவில்லை. வங்கியின் கண்ணில் நான் நல்ல வாடிக்கையாளன். நான்கு ஆண்டுகள் ஒரு ரூபாய்கூட முதலீடு செய்யவில்லை என்பது அவர்களுடைய எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

ரப்பர், ஊக்கத்தொகை, ஓவர்டைம், வளைகுடாவிலிருந்து அண்ணன் அனுப்பும் பணம் ஆகிய எதையும் இப்போது நான் விகிதத்தில் சேர்ப்பதில்லை. அவை வரும்போது முன்கூட்டிக் கட்டுவதற்குப் பயன்படட்டும்.

கடன் தொகையை முதலில் முடிவு செய்வது

வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். 48,000-இல் 15,000 முதலீட்டுக்கு, 6,000 அவசரத்துக்கும் கல்யாண வீடு, கோயில் கொடை, வீட்டுப் பராமரிப்பு போன்றவற்றுக்கும் என்று முதலில் எடுத்து வைத்தோம். மீதி 27,000 தவணைக்கு. அது கைக்கு வரும் வருமானத்தில் 30 சதவீதம். பைக்கையும் சேர்த்தால் 34. இந்த 30 என்பது வேதவாக்கு அல்ல. மாதம் 40,000 வரும் குடும்பத்துக்கு அதுவே கனமாக இருக்கலாம். இரண்டரை லட்சம் வருகிறவர்களுக்கு 40 சதவீதம் கட்டிய பிறகும் முதலீட்டுக்கு இடம் இருக்கலாம். முதலீட்டை எடுத்து வைத்த பிறகு வருகிற விடையைச் சோதித்துப் பார்க்க உதவும் வேலி மட்டுமே அந்த விகிதம்.

20 ஆண்டுக்கு லட்சத்துக்குத் தவணை 868 ரூபாய். 27,000-க்கு 31 லட்சம் வருகிறது. முதல் வரைபடத்தின் 38 லட்சத்துக்கு 7 லட்சம் பற்றாமல் இருந்தது. அது அவர்களுடைய வைப்புத்தொகையில் இருந்தது. மனைவியின் சம்பளம் நின்றாலும் இந்தத் தவணை 37.5 சதவீதம்தான், 72,000-இல் செலவும் தவணையும் போக 3,000 மிஞ்சும். முதலீடு நிற்கும், வீடு ஓடும்.

பற்றாததைக் காலத்தை நீட்டிச் சரிக்கட்டுவது

லட்சத்துக்கான தவணையை ஆண்டு வாரியாகப் பார்த்தால் இதன் வரம்பு தெரியும். 8.5 சதவீதத்தில் 10 ஆண்டுக்கு 1,240. 20 ஆண்டுக்கு 868. 30 ஆண்டுக்கு 769. முதல் பத்து ஆண்டு நீட்டிப்பில் 372 ரூபாய் குறைகிறது; அடுத்த பத்து ஆண்டில் 99 மட்டுமே. 31 லட்சத்தை 30 ஆண்டாக நீட்டினால் மாதம் சுமார் 3,000 மிச்சம். கூடுதலாகக் கட்டும் வட்டியோ 21 லட்சத்துக்கு மேல். 20 ஆண்டைத் தாண்டிய பிறகும் முதலீட்டுக்கு இடம் கிடைக்காவிட்டால், குறைக்க வேண்டியது கடனையே.

மாறும் வட்டியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான ரெப்போ வட்டியை 4-லிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது; தவணை மாறாமல் காலம் மட்டும் நீண்டுபோனதைப் பலர் பிந்தித்தான் கவனித்தார்கள். வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னது. ஆனால் 30 ஆண்டுக் கடனில் நீட்ட ஏது இடம்? 60 லட்சத்துக்கு வட்டி 10.5 சதவீதம் ஆனால் மாத வட்டியே 52,500. 46,000 தவணை வட்டிக்குக்கூடப் போதாது. 31 லட்சம், 20 ஆண்டுக் கடனிலோ தவணை 27,000-லிருந்து சுமார் 31,000 ஆகும். முதலீடு 11,000-ஆகச் சுருங்கும், நிற்காது. கையெழுத்திடும் முன் இரண்டு சதவீதம் கூட்டிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

கடன் அறிக்கையில் அசல் என்ற பத்தியையும் பாருங்கள். 60 லட்சம், 30 ஆண்டுக் கடனில் முதல் மாதம் கட்டும் 46,000 சொச்சத்தில் அசலுக்குப் போவது சுமார் 3,600. 31 லட்சம், 20 ஆண்டுக் கடனில் 27,000-த்துக்குள்ளேயே அசலுக்கு 4,900-க்கு மேல் போகிறது.

கடன் பயத்தில் காலத்தைச் சுருக்குவது

இது எதிர்ப்பக்கத் தவறு. பெரும்பாலும் பெற்றோர் சொல்லி வருவது. 31 லட்சத்தை 10 ஆண்டில் முடிக்க 38,400 கட்ட வேண்டும், அதாவது 43 சதவீதம். மிச்சம் 9,600-இல் அவசரச் செலவு போக முதலீடு பெயரளவுக்கே இருக்கும். ஒரு மருத்துவமனைச் செலவு வந்தால், வீட்டுக் கடனைவிடக் கூடுதல் வட்டியில் தனிநபர் கடன். தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. எனவே 20 ஆண்டு எழுதிப் 12 ஆண்டில் முடிப்பது நம் கையில் இருக்கிறது. 10 ஆண்டு எழுதிவிட்டு நடுவில் தவணையைக் குறைக்க வங்கியிடம் போய் நிற்க வேண்டும். ஆனால் இந்த வாதம், மிச்சத் தொகை சம்பள நாளுக்கு மறுநாளே கணக்கிலிருந்து முதலீட்டுக்குப் போனால்தான் செல்லும். போகாதவர்களுக்கு அப்பா சொன்ன 10 ஆண்டே நல்லது.

எடுத்த சிட்டியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

சிட்டி என்கிற ஏலச்சீட்டை ஏலத்தில் எடுத்துவிட்டால் அதுவும் கடன்தான். அதன் மாதத் தவணையையும் மேலே கூட்டுங்கள்.

வரிச் சலுகைக்காகப் பெரிய கடன்

புதிய வரிமுறையில், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு இல்லை.

மார்த்தாண்டம் தம்பதி மூன்று வாரம் கழித்து வந்தார்கள். 1,500 சதுர அடி வரைபடம். பின்னால் மேல்மாடி எழுப்ப வசதியாக வெளிப்புறப் படிக்கட்டுக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். தவணை மாதம் 5-ஆம் தேதி, 15,000 ரூபாய் முதலீடு 3-ஆம் தேதி என்று மனைவி எழுதி வைத்திருந்தார்.